கூறைப்புடவை ஏன் வெறும் சிவப்பாக அப்பிக்கொள்கிறது? கேமரா ஹிஸ்டோகிராம் ஸ்கிரீன்ஷாட்டைப் படித்துத் திருத்தும் வழி

முகூர்த்தப் படங்களில் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வரும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பெல்லாம் தெளிவாக இருக்கும். முகங்களும் நன்றாக இருக்கும். மணப்பெண்ணின் கூறைப்புடவை மட்டும் மடிப்பும் நெசவும் இல்லாமல் ஒரே சிவப்பாக அப்பிக் கிடக்கும். கேமராத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பார்த்தால், படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொட்டிருக்கவே இருக்காது. பிறகு எப்படி இந்தப் படம் கெட்டது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. காரணம், படித்த குறிப்புகள் எல்லாம் "வலது ஓரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நின்றுவிட்டன. எந்த வரைபடத்தின் வலது ஓரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் அந்தச் சுற்று வழியில் போக வேண்டாம் என்பதற்காக, ஒரு திருமண மேடையை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டு வெளிறிய இடத்தை மீட்க முடியாது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான் உண்டு. 255-ஐ எட்டிய இடத்தில் மேலே என்ன இருந்தது என்ற தகவல் அதில் சேமிக்கப்படுவதே இல்லை. 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் தொலைந்தது பல நேரங்களில் ராவில் இன்னும் இருக்கும்.

இதற்கான செலவு இடம்தான். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி வரை வரும். ஒரு முழுத் திருமணத்தையும் ராவில் எடுப்பதென்றால் கூடுதலாக ஒரு மெமரி கார்டு வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. Darktable, RawTherapee இரண்டும் இலவசம். Lightroom வைத்திருப்பவர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட். அதில் மூன்று நிற வரைபடமும், ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களும் சேர்ந்து தெரிய வேண்டும். அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் படத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். எண்கள் இல்லாமல் அவரால் எதைக் குறைக்கச் சொல்ல முடியும்?

2. கேமராத் திரையைத் தயார் செய்வது

புதிய கேமராவில் பெரும்பாலும் படம் மட்டும்தான் தெரியும். கேனானில் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது `INFO` பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் ஹிஸ்டோகிராம் வரும். மெனுவில் வரைபடத்தை Brightness என்பதிலிருந்து RGB-க்கு மாற்றுங்கள். Highlight alert என்பதையும் இயக்கிவையுங்கள். நிக்கானில் Playback display options என்ற மெனுவுக்குள் Highlights, RGB histogram இரண்டையும் டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாவிட்டால் அந்தப் பக்கங்கள் திரையில் வராது. என் கேமராவில் அந்த வசதியே இல்லை என்று பலர் நினைப்பது இதனால்தான். சோனியில் `DISP` பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் வெளிச்ச வரைபடமும் மூன்று நிற வரைபடங்களும் ஒரே பக்கத்தில் வரும்.

இன்னொரு மாற்றமும் தேவை. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ரா ஃபைலிலிருந்து வருவதில்லை. கேமராவே தயாரிக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. அந்த ஜேபெக்கில் வைட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், நிற அடர்த்தி எல்லாம் ஏற்றப்பட்டிருக்கும். Vivid போன்ற பளிச்சென்ற பாணியில் வைத்திருந்தால் சிவப்பு முன்கூட்டியே ஓரத்தில் போய் முட்டும். பிக்சர் ஸ்டைலை Neutral என்பதற்கு மாற்றிவிட்டால் வரைபடம் ராவின் உண்மை நிலைக்குக் கொஞ்சம் அருகில் வரும். திரையில் படம் சற்றுச் சோகையாகத் தெரியும், பொருட்படுத்த வேண்டாம். ராவில் உள்ள தகவல் இதனால் மாறாது.

3. ஸ்கிரீன்ஷாட் எதைக் காட்டுகிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

வரைபடத்தின் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். எடுக்கும் முன் தெரியும் லைவ் வியூ வரைபடமா, எடுத்த படத்தின் வரைபடமா? ஃபிளாஷ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் லைவ் வியூ வரைபடத்தால் பயனில்லை. இன்னும் அடிக்காத ஃபிளாஷின் வெளிச்சம் அதில் எப்படி இருக்கும்?

கேமராத் திரையா, கணினித் திரையா என்பதும் முக்கியம். Lightroom காட்டும் வரைபடம் அதன் சொந்த அமைப்புகளின்படி கணக்கிடப்படுகிறது. ஒரே படத்துக்குக் கேமராவில் ஒரு வடிவமும் கணினியில் வேறு வடிவமும் வருவது கோளாறு அல்ல.

ஸ்கிரீன்ஷாட்டுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளிறிய இடங்களைக் கேமரா மினுக்கிக் காட்டும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் ஒரு நொடியின் பதிவு. மினுக்கல் அணைந்திருந்த நேரத்தில் எடுத்துவிட்டால் எச்சரிக்கை எதுவுமே இல்லாத படமாகத் தெரியும். ஆகவே இரண்டு மூன்று எடுத்து ஒப்பிடுங்கள். அடுத்தது, கிளிப் ஆன, அதாவது உச்ச அளவை எட்டி நின்றுவிட்ட பிக்சல்கள் எல்லாம் வரைபடத்தின் கடைசி ஓரத்தில் தலைமுடி அளவுக்கு மெல்லிய ஒற்றைக் கோடாக நிற்கும். திரையைக் கைபேசியில் படம்பிடித்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தக் கோடு சட்டத்தின் ஓரக் கோட்டோடு கலந்து மறைந்துவிடும். வரைபடப் பகுதியைப் பெரிதாக்கி, வலது ஓரக் கோடு இடது ஓரக் கோட்டைவிடத் தடிமனாகவோ நிறமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

4. வரைபடத்தைப் படிப்பது

இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெண்மை. உயரம் என்பது அந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பது மட்டுமே. நடுவில் மலை மாதிரி இருந்தால் நல்ல படம் என்று சொல்வதை நம்பாதீர்கள். இருட்டான மண்டபத்தில் எடுத்த படத்தில் மேடு இடது பக்கம்தான் இருக்கும், அது சரியும்கூட.

பார்க்க வேண்டியவை இரண்டு ஓரங்களும்தான். வரைபடம் சரிந்து இறங்கி ஓரத்துக்கு முன்பே தரையைத் தொட்டால் எதுவும் தொலையவில்லை. ஓரத்தில் மோதி நின்றால், அந்தப் பக்கம் ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது. என்ன தொலைந்தது என்பதை வரைபடம் சொல்லாது. அதற்குப் படத்தில் எங்கே மினுக்குகிறது என்று பார்க்க வேண்டும். குத்துவிளக்கின் சுடர், நகையில் பட்டுத் தெறிக்கும் ஒளி, மேடையின் சீரியல் பல்பு ஆகியவை வெளிறினால் விட்டுவிடுங்கள். அவற்றில் யாரும் நுணுக்கம் தேடுவதில்லை. மணப்பெண்ணின் நெற்றி, பட்டு வேட்டி, புடவை மினுக்கினால் விடக்கூடாது.

5. சிவப்பு ஏன் ஒளிந்துகொள்கிறது

வெள்ளை நிறத்தில் காட்டப்படும் வெளிச்ச வரைபடம் மூன்று நிறங்களையும் சம அளவில் கூட்டுவதில்லை. நம் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால், கணக்கும் அப்படியே போடப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

இதில் கூறைப்புடவையின் ஒரு பிக்சலைப் போட்டுப் பாருங்கள். சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்றால் விடை 76. அதாவது சிவப்பு முழுமையாக நிரம்பி வழிந்த பிறகும் அந்தப் பிக்சல் வெளிச்ச வரைபடத்தில் இடதுபுற மூன்றில் ஒரு பங்கிலேயே உட்கார்ந்திருக்கும். புடவையில் மடிப்பின் மேடும் பள்ளமும் சிவப்பின் ஏற்ற இறக்கமாகத்தான் பதிவாகின்றன. எல்லாம் 255-இல் போய் நின்றுவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். வெளிச்ச வரைபடமோ எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். அரக்குச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, செம்பருத்தி மாலை எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. RGB வரைபடத்தை இயக்கச் சொன்னதன் காரணமும் இதுவே.

6. எப்போது சோதிப்பது

காலையில் வரவேற்பு நேரத்தில் சோதனைப் படம் எடுத்து, எண்களைக் குறித்துக்கொண்டு முகூர்த்தத்துக்கும் அதையே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அது இரண்டு காரணங்களால் உதவாது. மணப்பெண் கூறைப்புடவைக்கு மாறுவதே தாலி கட்டுவதற்குச் சற்று முன்புதான். அதுவரை உடுத்தியிருந்த பச்சையோ மஞ்சளோ இந்தச் சிக்கலைக் காட்டியிருக்காது. வீடியோக்காரர்களின் எல்இடி விளக்குகளும் அந்த நேரத்தில்தான் முழுவேகத்தில் எரியும்.

ஆகவே சோதனைக்கான நேரம், கூறை உடுத்தி மணமேடைக்கு வந்து அமர்ந்த உடனே. வீடியோ விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள், RGB பக்கத்தைப் பாருங்கள், திருத்துங்கள், இன்னொன்று எடுத்து உறுதிசெய்யுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாங்கல்யத் தட்டு சுற்றி வரும் வேளையில் திரையைக் குனிந்து பார்க்கும் நிலைமை வந்துவிடக்கூடாது.

7. ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

சோதனைப் படத்தின் எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 1/160 நொடி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஃபிளாஷ் இல்லை. வெளிச்ச வரைபடத்தில் இடப்பக்கம் ஒரு பெரிய மேடு. அது கூந்தலும் மேடைப் பின்னணியும். நடுவில் முகங்கள். வலது பக்கம் 230-ஐ ஒட்டி ஒரு சிறு முகடு. அது மாப்பிள்ளையின் வேட்டி. அதற்கப்பால் காலி. பார்க்க அழகான வரைபடம்.

இப்போது RGB பக்கத்தைப் பாருங்கள். பச்சையும் நீலமும் வலது ஓரத்துக்கு முன்பே முடிகின்றன. சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் நெடுங்கோடாக நிற்கிறது. படத்தில் புடவை முழுவதும் மினுக்குகிறது. உங்கள் கேமராவின் எச்சரிக்கை வெளிச்சத்தை மட்டும் கணக்கில் எடுப்பதாக இருந்தால் மினுக்காமலும் இருக்கலாம். அப்போது சிவப்பு வரைபடத்தின் சொல்லையே நம்புங்கள்.

எவ்வளவு குறைப்பது? மூன்றில் இரண்டு ஸ்டாப்பில் தொடங்குங்கள். எதைக் குறைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மேடையில் கைகள் அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் ஷட்டர் வேகத்தை ஏற்றினாலும் நல்லதுதான். ஆனால் ஐஎஸ்ஓ இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது முதலில் இறக்க வேண்டியது அதைத்தான். ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றும்போதெல்லாம் ஹைலைட்டுக்கான இடம் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் சுருங்குகிறது. இறக்கினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியின் அளவும் குறையாது. ஆக 1600, 1250, 1000 என்று இரண்டு படி இறக்குங்கள். மேனுவல் அல்லாத முறையில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −0.7 என்று வைக்கலாம். அப்போது கேமரா எதைக் குறைத்தது என்று எண்களில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ்தான் முக்கிய வெளிச்சம் என்றால் குறைக்க வேண்டியது ஃபிளாஷ் காம்பன்சேஷனை.

இரண்டாவது படத்தில் சிவப்பின் நெடுங்கோடு சுருங்கி, ஓரத்தைவிட்டு உள்ளே ஒரு சரிவு உருவாகும். ஜரிகையின் பளபளப்பால் ஓரத்தில் சிறு கோடு மிஞ்சலாம். அதையும் ஒழிக்க வேண்டும் என்று இன்னும் இறக்கிக்கொண்டே போகாதீர்கள். அதற்கான விலையை முகங்களின் நிழல் பகுதிகள் கொடுக்கும்.

8. இடது ஓரம்: தொலைந்த நிழல்கள்

நிழல் பக்கம் நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கருங்கூந்தல், மேடைக்குப் பின்னாலுள்ள இருட்டு, கறுப்புக் கோட்டு ஆகியவை இடது ஓரத்தைத் தொடுவது இயல்பு. ராவில் நிழலை ஓரளவு மேலே தூக்கலாம். வெளிறியதைக் கீழே கொண்டுவருவது அப்படி எளிதல்ல.

உண்மையில் தொலைந்ததா என்று கணினியில் சோதிக்க ஒரு வழி உண்டு. எக்ஸ்போஷரை +3 வரை தள்ளிப் பாருங்கள். கூந்தலில் பின்னலும் மல்லிகைச் சரத்தின் நிழலும் தெரிந்தால் தகவல் இருக்கிறது. இழைகளே இல்லாமல் ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள் மட்டும் கொப்பளித்தால் அங்கே ஒன்றுமில்லை, கறுப்பாகவே விட்டுவிடுங்கள். வெறும் புள்ளிகளைத் தூக்கிக் காட்டுவதைவிடச் சுத்தமான கறுப்பு எவ்வளவோ மேல்.

சிக்கலான நிலை, இரண்டு ஓரமும் ஒரே நேரத்தில் மோதுவது. வெளிமுற்றத்தில் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும், பந்தலின் நிழலில் நிற்கும் முகங்களும் ஒரே படத்தில் வந்தால் இப்படி ஆகும். எக்ஸ்போஷரை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மறுபக்கம் மோசமாகும். வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுத்து இணைக்கும் முறை கோபுரத்துக்குச் சரி. அசையும் மனிதர்களுக்குச் சரிவராது. இங்கே மாற்ற வேண்டியது வெளிச்சத்தை: நிழலில் ஃபிளாஷ் சேர்க்கலாம், அல்லது எல்லோரையும் நிழலுக்குள் இரண்டடி நகரச் சொல்லலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டு வெயிலை வெளிற விடுங்கள்.

9. ஏற்கெனவே எடுத்துவிட்ட படத்தைத் திருத்துவது

முதலில், சிவப்பு சென்சாரிலேயே நிரம்பியதா, ஜேபெக் ஆக்கும்போது நிரம்பியதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரா ஃபைலைத் திறந்து எக்ஸ்போஷரை −2 வரை இழுங்கள். மடிப்புகள் திரும்பி வந்தால் தகவல் பத்திரமாக இருக்கிறது. புடவை மங்கலாகி, அதே தட்டையான சிவப்பாகவே இருந்தால் சென்சாரிலேயே போய்விட்டது. darktable-இல் படத்துக்குக் கீழே உள்ள குறிகளில் ஒன்று ராவில் நிரம்பிய பிக்சல்களை மட்டும் தனியாகக் காட்டும். அதுவும் இதே கேள்விக்கு விடை தரும்.

பகல் வெளிச்சத்திலும் வெள்ளை எல்இடியிலும் எடுத்த படங்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். அந்த ஒளியில் சென்சாரின் சிவப்புப் பதிவு குறைவாகவே இருக்கும். வைட் பேலன்ஸ் கணக்கில் அது பெருக்கப்படும்போதுதான் மோதுகிறது. மஞ்சள் ஹாலஜன் விளக்கில் சென்சாருக்கு வரும் சிவப்பே அதிகம் என்பதால் உண்மையான இழப்புக்கு வாய்ப்பு கூடுதல்.

தகவல் இருக்கிறது என்றால், எக்ஸ்போஷரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு இந்த வரிசையில் போங்கள். Lightroom-இல் புரொஃபைலை Adobe Neutral ஆக்குங்கள். `J` விசையை அழுத்தினால் வெளிறிய இடங்கள் சிவப்பாகவும் தொலைந்த நிழல்கள் நீலமாகவும் காட்டப்படும். வரைபடத்தின் மேல்மூலையில் உள்ள முக்கோணம் எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறம்தான் மோதுகிறது. வெள்ளையாக இருந்தால் மூன்றுமே. Highlights-ஐக் குறையுங்கள். முக்கோணம் இன்னும் சிவப்பாகவே இருந்தால் HSL பகுதியில் சிவப்பின் Saturation-ஐ −10, −15 என்று சிறுகச் சிறுக இறக்குங்கள்; மடிப்புகள் எழுந்து வருவது கண்முன்னே தெரியும். முகங்கள் இருண்டிருந்தால் Shadows-ஐ ஏற்றுங்கள். மொத்த எக்ஸ்போஷரையும் ஏற்றினால் சிவப்பு மறுபடி ஓரத்தில் போய் நிற்கும். மேடையில் ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுத்த படங்களைத் திருத்தும்போது பலர் செய்வது இதுதான். அங்கே மிச்சம் பிடித்ததை இங்கே செலவழித்துவிடுகிறார்கள்.

சென்சாரிலேயே போயிருந்தால் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் வசதி மிஞ்சியிருக்கும் பச்சை, நீலப் பதிவுகளை வைத்து ஓரளவு வடிவத்தை ஊகித்துத் தரும். வடிவம் வந்தாலும் நிறம் நம்பகமாக இராது. அப்படிப்பட்ட படத்தை ஆல்பத்தில் பெரிதாகப் போடாதீர்கள்.

10. ஆல்பத்துக்கு அனுப்பும் முன்

அச்சகத்தார் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கேட்பார்கள். அந்த நிறவெளியில் அடர் சிவப்புக்கு இடம் குறைவு. மென்பொருளுக்குள் சரியாக இருந்த புடவை ஏற்றுமதி செய்யும்போது மறுபடி மோதக்கூடும். ஆகவே எல்லாப் படங்களையும் ஏற்றுமதி செய்வதற்கு முன், புடவை பெரிதாகத் தெரியும் ஒரே ஒரு படத்தை எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, அந்த ஜேபெக்கையே திரும்பத் திறந்து சிவப்பு வரைபடத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். கோடு இருந்தால் சிவப்பின் Saturation-ஐ இன்னும் ஐந்து இறக்கி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். சரியானதும் அதே அமைப்பை முகூர்த்தப் படங்கள் அனைத்துக்கும் ஒட்டலாம். வரவேற்புப் படங்களுக்கு ஒட்ட வேண்டாம், அங்கே புடவையும் வேறு, விளக்கும் வேறு.